ஃபண்டின் வருமானமும் முதலீட்டாளர் கண்ட வருமானமும் ஏன் வேறுபடுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 6.27% வளர்ந்ததாக ஒரு ஃபண்டு சொல்கிறது. அதில் பணம் போட்டவர்கள் மொத்தத்தில் நட்டப்பட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்?

இரண்டும் உண்மையாகலாம், ஏனெனில் அவை வேறுவேறு பொருள்களை அளக்கின்றன. முதல் எண், தொடக்க நாளில் வாங்கப்பட்ட ஒரு யூனிட் இறுதி நாள்வரை கைபடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. இடையில் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பது அதற்குத் தேவையில்லை. இதைக் கால எடையிட்ட வருமானம் என்பார்கள். மற்றது, வெவ்வேறு நாள்களில் உள்ளே வந்து வெளியே போன பணம் முழுவதும் சேர்ந்து என்ன சம்பாதித்தது என்பதைச் சொல்கிறது. இது பண எடையிட்ட வருமானம்.

ஒரு கற்பனை ஃபண்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரு யூனிட்டின் மதிப்பு 10. முதலாண்டு முடிவில் அது 18 ஆகிறது, இரண்டாமாண்டு முடிவில் 9 ஆகச் சரிகிறது, மூன்றாமாண்டு முடிவில் 12க்கு மீள்கிறது. தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் 100 லட்சம் போட்டு 10 லட்சம் யூனிட்டுகள் வாங்குகிறார்கள். முதலாண்டின் 80% ஏற்றத்தைப் பார்த்துப் புதியவர்கள் 720 லட்சத்தோடு வந்து, யூனிட் 18 என்ற விலையில் 40 லட்சம் யூனிட்டுகள் வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு மதிப்பு பாதியாகக் குறைந்ததும் அவர்களில் பாதிப்பேர் 20 லட்சம் யூனிட்டுகளை 9க்கு விற்று 180 லட்சத்தோடு வெளியேறுகிறார்கள். எஞ்சிய 30 லட்சம் யூனிட்டுகளின் இறுதி மதிப்பு 360 லட்சம்.

உள்ளே போனது 820 லட்சம். வெளியே எடுத்த 180 லட்சமும் கையில் மிஞ்சிய 360 லட்சமும் சேர்த்து 540 லட்சம். யூனிட்டின் மதிப்பு 10லிருந்து 12 ஆக உயர்ந்த அதே மூன்றாண்டுகளில், முதலீட்டாளர்கள் கூட்டாக 280 லட்சத்தை இழந்திருக்கிறார்கள்.

அந்த 280 லட்சம் எங்கே போனது? ஃபண்டு மேலாளர் எங்காவது ஒளித்தாரா?

யாரும் ஒளிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டிலும் எவ்வளவு பணம் ஃபண்டுக்குள் இருந்தது என்று பார்த்தால் போதும். 80% ஏறிய ஆண்டில் உள்ளே இருந்தது 100 லட்சம்தான். ஆகவே கிடைத்த ஆதாயம் 80 லட்சம். 50% இறங்கிய ஆண்டைத் தொடங்கும்போது, பழைய 180 லட்சமும் புதிய 720 லட்சமும் சேர்ந்து 900 லட்சம் இருந்தது. ஆகவே இழப்பு 450 லட்சம். மூன்றில் ஒரு பங்கு ஏறிய கடைசி ஆண்டில் 270 லட்சமே மிஞ்சியிருந்ததால், மீண்டது 90 லட்சம். 80 – 450 + 90 என்று கூட்டினால் கணக்கு –280க்கு வந்து நிற்கும்.

கால எடைக் கணக்கில் மூன்று ஆண்டுகளும் சம மதிப்புடையவை. பண எடைக் கணக்கில், அந்த நேரத்தில் உள்ளே இருந்த தொகைக்கேற்ப ஆண்டின் கனம் மாறுகிறது. நம் ஃபண்டில் இரண்டாம் ஆண்டு மற்ற இரண்டையும் நசுக்கிவிடும் அளவுக்குக் கனமாக இருந்தது.

6.27% என்ற எண்ணுக்கு எப்படி வருகிறார்கள்?

ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியையும் ஒரு பெருக்கியாக எழுதி, அவற்றை வரிசையாகப் பெருக்குகிறார்கள். 1.8 × 0.5 × 1.3333 = 1.2. மூன்றாண்டுகளில் மொத்தம் 20%. அதன் மூன்றாம் படிமூலத்தை எடுத்தால் ஆண்டுக்கு 6.27%. மூன்று சதவீதங்களையும் வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 21.1% என்று வரும். அப்படி ஓர் எண்ணை விளம்பரத்தில் கண்டால் அதை நம்ப வேண்டாம். 80% ஏற்றமும் 50% இறக்கமும் அடுத்தடுத்து வந்தால் 100 என்பது 90 ஆகிறதே தவிர 130 ஆவதில்லை.

ஃபண்டுக்கு இந்தக் கணக்கு எளிது, ஏனெனில் யூனிட் மதிப்பு ஒவ்வொரு வணிக நாளும் கணக்கிடப்படுகிறது. புதுப் பணம் வந்தால் யூனிட்டுகளின் எண்ணிக்கை கூடுமே தவிர ஒரு யூனிட்டின் மதிப்பு அதனால் மாறாது. யூனிட் முறை இல்லாத ஒரு தனிக் கணக்கில், பணம் நுழைந்த அல்லது வெளியேறிய ஒவ்வொரு நாளிலும் மொத்த மதிப்பு என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதபோது, பணம் காலக்கூறின் எத்தனை பகுதி உள்ளே இருந்ததோ அந்த விகிதத்தில் அதற்கு எடை கொடுக்கும் தோராய முறை ஒன்று உண்டு. அதை வகுத்த பீட்டர் டீட்ஸின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. சந்தை வேகமாக ஆடும் மாதத்தில் பெருந்தொகை நுழைந்தால் அந்தத் தோராயம் பிசகிவிடும்.

பண எடைக் கணக்கில் இதே ஃபண்டு என்ன காட்டும்?

ஆண்டுக்கு –20.7%. இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. எந்த ஒரே விகிதத்தில் எல்லாப் பணமும் வளர்ந்திருந்தால் (இங்கே தேய்ந்திருந்தால்) இறுதியில் கையில் இருக்கும் தொகை சரியாக வருமோ, அந்த விகிதத்தை முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை உள்ளார்ந்த வருமான விகிதம் என்றும் சொல்வார்கள்.

விடை சரிதானா என்று கையாலேயே சோதிக்கலாம். 100 லட்சம் ஓராண்டில் 20.7% தேய்ந்தால் 79.3 ஆகிறது. அதில் 720 சேர்த்தால் 799.3. இன்னோர் ஆண்டு அதே விகிதத்தில் தேய்ந்தால் ஏறத்தாழ 634. அதிலிருந்து 180ஐ எடுத்துவிட்டால் 454. மேலும் ஓராண்டு தேய்ந்தால் 360. நம்மிடம் உண்மையில் இருப்பதும் 360தான்.

அப்படியென்றால் அந்த ஃபண்டில் இருந்த யாருக்காவது ஆண்டுக்கு –20.7% கிடைத்ததா?

ஒருவருக்கும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தொடக்கத்தில் வாங்கி வைத்திருந்தவருக்கு ஃபண்டு சொன்ன அதே 6.27% கிடைத்தது. 18க்கு வாங்கி 9க்கு விற்றவர் ஓராண்டில் 50% இழந்தார். 18க்கு வாங்கி இறுதிவரை காத்தவர் இரண்டாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஆண்டுக்கு 18.35% வீதம் இழந்தார். –20.7% என்பது இம்மூவரின் பணத்தையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிய எண். “முதலீட்டாளர் வருமானம்” என்று அறிக்கைகளில் வருவது எப்போதுமே இப்படிப்பட்ட கூட்டு எண்தான். அது சராசரி மனிதரின் அனுபவமன்று, உள்ளே இருந்த சராசரிப் பணத்தின் அனுபவம்.

இது கணக்குக்காக மிகைப்படுத்திய உதாரணம்தானே? உண்மையில் இவ்வளவு இடைவெளி வருமா?

வந்திருக்கிறது. அமெரிக்காவில் கென் ஹீப்னர் நிர்வகித்த சிஜிஎம் ஃபோகஸ் என்ற பங்கு ஃபண்டு 2000 முதல் 2009 வரையான பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 18% ஈட்டியது. அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஃபண்டுகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. அதே காலத்தில் அதன் முதலீட்டாளர்களின் பண எடையிட்ட வருமானம் ஆண்டுக்குச் சுமார் –11% என்று மார்னிங்ஸ்டார் நிறுவனம் கணக்கிட்டது. 2007இல் ஃபண்டு சுமார் 80% ஏறியது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு பெரும் பணம் வந்து குவிந்தது. 2008இலேயே அது 48% சரிந்தது. மேலே உள்ள உதாரணத்தின் 80 என்ற எண்ணை நான் இங்கிருந்துதான் எடுத்தேன்.

இது ஓர் உச்ச நிலை. எல்லா ஃபண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது இடைவெளி சிறிதாகவே இருக்கும். 2023 டிசம்பருடன் முடிந்த பத்தாண்டுகளுக்கு மார்னிங்ஸ்டார் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்க ஃபண்டுகள் ஆண்டுக்கு 7.3% ஈட்டியபோது அவற்றில் இருந்த சராசரி டாலர் 6.3% ஈட்டியது. பொதுவாக, யூனிட் மதிப்பு எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவுக்கு இடைவெளி விரியும். ஒரே துறையில் மட்டும் முதலீடு செய்யும் ஃபண்டுகளில் இது எளிதாகக் கண்ணில் படும்; பங்குகளையும் கடன் பத்திரங்களையும் கலந்து வைக்கும் ஃபண்டுகளில் குறைவு.

ஃபண்டு நிறுவனங்கள் ஏன் பெரிய எண்ணை மட்டும் வெளியிடுகின்றன?

அது எப்போதும் பெரிய எண்ணாக இருப்பதில்லை. சரிவுக்குப் பின் பணம் வந்து, பிறகு ஃபண்டு மீண்டெழுந்தால், பண எடையிட்ட வருமானமே உயர்ந்து நிற்கும். நிறுவனங்கள் கால எடையைப் பயன்படுத்துவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பணம் எந்த நாளில் வரும், எந்த நாளில் போகும் என்பதை மேலாளர் தீர்மானிப்பதில்லை. அவர் கையில் இல்லாத ஒன்றுக்காக அவரைப் பாராட்டவோ குறைகூறவோ கூடாது என்ற எண்ணத்தில்தான், முதலீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் ஜிப்ஸ் என்ற உலகளாவிய அளவுகோல்களும் இத்தகைய ஃபண்டுகளுக்குக் கால எடையை முதன்மையாக வைத்திருக்கின்றன.

இருந்தாலும் மேலாளரின் பொறுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நான் கருதவில்லை. 80% ஏறிய ஆண்டை முழுப்பக்க விளம்பரமாகப் போட்டுப் பணத்தை ஈர்த்தவர், அந்தப் பணம் வந்த நேரத்துக்குத் தனக்குத் தொடர்பில்லை என்று சொல்வது பொருந்தாது. மேலும், பெருந்தொகை திடீரென்று வெளியேறும்போது பங்குகளைக் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு உள்ளே இருப்பவர்களின் யூனிட் மதிப்பையும் தொடும். ஆகவே பண ஓட்டம் கால எடைக் கணக்கை அறவே பாதிப்பதில்லை என்பதும் முழு உண்மையன்று.

நான் சந்தையைப் பார்த்து வாங்குவதில்லை. ஒவ்வொரு தவணையும் ஒரே தொகையைத்தான் போடுகிறேன். எனக்கும் இடைவெளி வருகிறதே, நான் என்ன தவறு செய்தேன்?

ஒரு தவறும் செய்யவில்லை. அதே ஃபண்டில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 போட்டதாக வைத்துக்கொள்வோம். 10, 18, 9 என்ற விலைகளில் அவருக்கு மொத்தம் 26.67 யூனிட்டுகள் கிடைக்கும். 12 என்ற இறுதி மதிப்பில் அவை 320 ஆகும். 300 போட்டு 320 எடுத்த அவருடைய பண எடையிட்ட வருமானம் ஆண்டுக்குச் சுமார் 3.3%, ஃபண்டின் 6.27% உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி. பேராசையும் இல்லை, பயமும் இல்லை, ஒழுங்காகத் தவணை கட்டியிருக்கிறார். ஆனால் முதலாண்டின் பெரிய ஏற்றம் அவருடைய ஒரே ஒரு தவணையைத்தான் தொட்டது. அடுத்த ஆண்டின் சரிவு இரண்டைத் தொட்டது.

இப்போது அதே மூன்று ஆண்டுகளைத் தலைகீழாக வரிசைப்படுத்துங்கள்: முதலில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், பிறகு 50% இறக்கம், கடைசியில் 80% ஏற்றம். விலைகள் 10, 13.33, 6.67, 12 என்று போகும். ஃபண்டின் கால எடையிட்ட வருமானம் மாறாமல் 6.27% ஆகவே நிற்கும், ஏனெனில் பெருக்கலில் வரிசைக்கு இடமில்லை. தவணைக்காரருக்கோ இம்முறை 32.5 யூனிட்டுகள் சேர்ந்து இறுதியில் 390 கிடைக்கும். அவருடைய வருமானம் ஆண்டுக்கு 13.7%. ஒரே ஃபண்டு, ஒரே ஒழுங்கு, ஒரே தொகை. ஆண்டுகளின் வரிசை மட்டும் மாறியது.

எனவே, முதலீட்டாளர் வருமானம் ஃபண்டின் வருமானத்தைவிடக் குறைந்தாலே அதை “நடத்தைக் கோளாறு” என்று எழுதும் கட்டுரைகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அந்த இடைவெளியில் உச்சத்தில் வாங்கி அடியில் விற்றவர்களின் பங்கும் இருக்கும். சம்பளம் வந்தபோது போட்டவர்களின் பங்கும் இருக்கும். எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

என் சொந்த வருமானத்தை நானே எப்படிக் கணக்கிடுவது?

விரிதாளில் ஒரு நிரலில் தேதிகளையும் அடுத்த நிரலில் தொகைகளையும் எழுதி XIRR என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தலாம். உங்கள் பையிலிருந்து போனது கழித்தல் குறியோடும், உங்கள் பைக்கு வந்தது கூட்டல் குறியோடும் இருக்க வேண்டும். இன்று கையில் இருக்கும் யூனிட்டுகளின் மதிப்பை, இன்றே விற்றுப் பணமாக்கியதுபோல, கடைசி வரியில் கூட்டல் தொகையாக எழுத வேண்டும். நம் உதாரணம் இப்படி அமையும்:

```
A1: 2021-01-01   B1: -100
A2: 2022-01-01   B2: -720
A3: 2023-01-01   B3: 180
A4: 2024-01-01   B4: 360

=XIRR(B1:B4, A1:A4, -0.2)
```

கடைசியில் இருக்கும் -0.2 என்பது நாம் கொடுக்கும் ஊகம். அதை விட்டுவிட்டால் விரிதாள் 10% என்ற ஊகத்திலிருந்து தேடத் தொடங்கும்; விடை பெரிய இழப்பாக இருக்கும்போது அது சில சமயம் வழி தவறி, பூச்சியத்தை ஒட்டிய ஓர் எண்ணை (2.98E-09 என்பது அடிக்கடி தென்படும்) விடையாகக் காட்டிவிடும். பணத்தை இழந்தது கண்ணுக்குத் தெரியும்போது XIRR பூச்சியம் என்று சொன்னால், ஊகத்தை மாற்றிப் பாருங்கள்.

கையில் வாங்கிக்கொண்ட பங்காதாயத்தைக் கூட்டல் வரியாக எழுத மறப்பது அடிக்கடி நேரும் பிழை. அது வருமானத்தைக் குறைத்துக் காட்டும். ஃபண்டுக்குள்ளேயே மறுமுதலீடு செய்யப்பட்ட பங்காதாயத்தையோ எழுதவே கூடாது, ஏனெனில் அந்தப் பணம் உங்கள் பைக்கு வரவேயில்லை. இன்னொன்று, XIRR எப்போதும் ஆண்டு விகிதமாகவே விடை தரும். முப்பது நாளில் 5% ஏறிய முதலீட்டை அது ஏறக்குறைய 81% என்று காட்டும். ஓராண்டு நிறையாத முதலீட்டுக்கு அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, போட்டது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று நேராகப் பார்ப்பதே நல்லது.

என் XIRR 3.3%. சந்தைக் குறியீடு அதே காலத்தில் ஆண்டுக்கு 3.85% ஏறியது. அப்படியானால் குறியீட்டு ஃபண்டிலேயே போட்டிருக்கலாம் அல்லவா?

அப்படி முடிவு கட்ட முடியாது, ஏனெனில் உங்கள் எண் பண எடையிட்டது, குறியீட்டின் எண் கால எடையிட்டது. ஒப்பிட வேண்டுமானால், உங்கள் அதே தவணைகளை அதே நாள்களில் குறியீட்டில் போட்டதாகப் பாவித்து இறுதித் தொகையைப் பார்க்க வேண்டும்.

நம் தவணைக்காரரின் கணக்கில் இதைச் செய்து பார்ப்போம். குறியீடு 100, 110, 120, 112 என்று நகர்ந்தது. மூன்றாண்டுகளில் 12%, அதாவது ஆண்டுக்கு 3.85%. 100, 110, 120 என்ற நிலைகளில் தலா 100 போட்டிருந்தால், இறுதியில் 307 கிடைத்திருக்கும். ஃபண்டில் அவருக்குக் கிடைத்ததோ 320. பொருந்தாத இரு எண்களை அருகருகே வைத்தபோது தோற்றவராகத் தெரிந்தவர், சரியாக ஒப்பிட்டபோது முன்னால் நிற்கிறார். ஃபண்டை விற்றுவிடும் முடிவுகள் பல இந்தத் தவறான ஒப்பீட்டிலிருந்தே பிறக்கின்றன.

மேலாளரின் திறமையை மட்டும் எடைபோட விரும்பினால், உங்கள் XIRRஐ மறந்துவிட்டு, ஃபண்டின் 6.27% என்ற கால எடையிட்ட எண்ணைக் குறியீட்டின் 3.85% உடன் ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடு பொருத்தமானது.

நான் சேராத ஒரு ஃபண்டில் இந்த இடைவெளி எவ்வளவு என்று வெளியிலிருந்தே அறிய முடியுமா?

தோராயமாக முடியும். ஃபண்டின் மொத்தச் சொத்து மதிப்பும் மாத வருமானமும் வெளியிடப்படுகின்றன. மாதத் தொடக்கச் சொத்தை அந்த மாத வருமானத்தோடு வளர்த்து, அதை மாத இறுதிச் சொத்திலிருந்து கழித்தால், மிஞ்சுவது அந்த மாதம் வந்த அல்லது போன நிகரப் பணம். நம் ஃபண்டில் 100 லட்சம் 80% வளர்ந்தால் 180. புதியவர்கள் நுழைந்தபின் இருந்ததோ 900. ஆகவே வந்தது 720. இப்படி மாதம்தோறும் கிடைக்கும் தொகைகளை, தொடக்கச் சொத்தை முதல் வரவாகவும் இறுதிச் சொத்தைக் கடைசியில் எடுத்த தொகையாகவும் சேர்த்து XIRRஇல் இட்டால் முதலீட்டாளர் வருமானம் கிடைத்துவிடும். வேறொரு ஃபண்டை இதனோடு இணைத்த மாதம் பெரும் வரவு வந்ததுபோலத் தோன்றும் என்பதைக் கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களையே வாங்கி விற்கும் தனியார் பங்கு ஃபண்டுகள் பண எடையிட்ட எண்ணையே பெருமையாகக் காட்டுகின்றனவே, அது ஏன்?

அங்கே எப்போது பணம் கேட்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதை மேலாளரே தீர்மானிக்கிறார். ஆகவே நேரம் அவருடைய பொறுப்பு, பண எடை அவருக்குப் பொருந்தும். ஜிப்ஸ் அளவுகோல்களும் அத்தகைய இடங்களில் இதை ஏற்கின்றன. ஆனால் அதே அதிகாரம் எண்ணை அழகுபடுத்தவும் உதவும். முதலில் வங்கிக் கடனில் ஒரு நிறுவனத்தை வாங்கிவிட்டு, முதலீட்டாளரிடம் ஓராண்டு கழித்துப் பணம் கேட்டால், அவருடைய பணம் உள்ளே இருந்த காலம் சுருங்கி விகிதம் உயர்ந்து தெரியும். கடனுக்குக் கட்டிய வட்டியால் அவருக்குக் கிடைக்கும் மொத்த லாபமோ குறைந்திருக்கும். ஆகவே இத்தகைய ஃபண்டின் அறிக்கையில் விகிதத்தைப் பார்த்த கையோடு, போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் டாலருக்கும் மொத்தம் எத்தனை மடங்கு திரும்பி வந்தது என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.